திறந்தவெளி நிகழ்ச்சிக்கு ஆறு ஸ்பீக்கர்: இணையுமா, சார்ஜ் நிற்குமா, மழை தாங்குமா?

கேள்வி: 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திறந்தவெளியில் மாலையில் 5 மணி நேர நிகழ்ச்சி. எங்களிடம் ஜேபிஎல் சார்ஜ் 5 ஸ்பீக்கர் இரண்டு இருக்கின்றன. கடையில் இப்போது சார்ஜ் 6 கிடைக்கிறது. அதில் நான்கு வாங்கி ஆறையும் ஒன்றாக இணைத்துவிடலாமா? சார்ஜ் கடைசிவரை நிற்குமா? மழை வந்தால் என்ன செய்வது?

பதில்: சார்ஜ் 6 வாங்கினால் பழைய இரண்டும் தனியாக நின்றுவிடும். சார்ஜ் 5 பிற ஸ்பீக்கர்களோடு சேர்வது பார்ட்டிபூஸ்ட் என்ற முறையில். சார்ஜ் 6 சேர்வது ஆராகாஸ்ட் என்ற புதிய முறையில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே நிறுவனம், ஒரே வரிசை, அடுத்தடுத்த மாடல் என்பதால் கட்டாயம் இணையும் என்று பலரும் நம்பி வாங்கிவிடுகிறார்கள். சார்ஜ் 4-ம் சார்ஜ் 5-ம் கூட இதேபோல் சேராது, சார்ஜ் 4-இல் இருப்பது இன்னும் பழைய கனெக்ட் பிளஸ் முறை. ஆகவே உங்கள் முன் இரண்டு வழிதான். பார்ட்டிபூஸ்ட் உள்ள சார்ஜ் 5, ஃபிளிப் 6 போன்றவற்றை இன்னும் நான்கு தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆறையும் ஆராகாஸ்டிலேயே வாங்கிக்கொண்டு, பழைய இரண்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ‘100 ஸ்பீக்கர் வரை இணைக்கலாம்’ என்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எந்த முறையில் இணையும் என்பதை மட்டும் பாருங்கள். வாங்கிய கையோடு செயலியைத் திறந்து எல்லா ஸ்பீக்கரையும் கடைசி மென்பொருளுக்குப் புதுப்பித்துவிடுங்கள். ஒரே மாடலாக இருந்தும் இணைப்பு அடிக்கடி அறுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆறு ஸ்பீக்கர் என்பது நல்ல யோசனை. காரணம் அதிகச் சத்தம் அல்ல. ஆறையும் மேடைப் பக்கம் அடுக்கி முழு வால்யூமில் வைத்தால் முன்னால் நிற்பவர்களுக்குக் காது அடைக்கும், பின்னால் இருப்பவர்களுக்குப் பாட்டு தேய்ந்துதான் கேட்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஆறையும் பரப்பி வைத்தால் யாருமே ஒரு ஸ்பீக்கரிலிருந்து ஒன்பது மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க மாட்டார்கள். அப்போது குறைந்த வால்யூமே போதும்.

இடத்தை இப்படிப் பிரியுங்கள். நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து 7, 20, 33 மீட்டரில் மூன்று இடங்கள். அகலவாக்கில் 5, 15 மீட்டரில் இரண்டு வரிசைகள். போனோடு நேரடியாக இணையும் தலைமை ஸ்பீக்கர் எது என்பதுதான் இங்கே முக்கியம். அதை ஒரு மூலையில் வைத்தால் எதிர்மூலை ஸ்பீக்கர் 28 மீட்டர் தள்ளிப்போகும். நடுவில் உள்ள இரண்டில் ஒன்றைத் தலைமையாக்கினால் மிகத் தொலைவில் இருப்பதும் 16 அல்லது 17 மீட்டருக்குள் வந்துவிடும். காலி மைதானத்தில் 28 மீட்டரிலும் வேலை செய்யும். அதை நம்பி விட்டுவிட்டால், ஆட்கள் வந்த பிறகு பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். புளூடூத் அலையை அது நன்றாகவே உறிஞ்சிவிடும். அதனால் ஸ்பீக்கரை மேசைமேல் வைக்காமல் 2 மீட்டருக்கு மேலே, தலைகளைத் தாண்டி, ஸ்டாண்டிலோ கம்பத்திலோ உறுதியாகக் கட்டுங்கள். போனும் தலைமை ஸ்பீக்கர் அருகிலேயே இருக்கட்டும். அதை ஏர்பிளேன் முறையில் போட்டுப் புளூடூத்தை மட்டும் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் யாராவது அழைக்கும்போது ஆறு ஸ்பீக்கரும் ஒன்றாக நின்றுபோகும். பாடல்களையும் முன்பே போனில் இறக்கிவைத்துவிடுங்கள்.

எதிரொலி கேட்குமோ என்ற பயம் நியாயமானது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். 13 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஸ்பீக்கரின் ஒலி உங்களை அடைய 39 மில்லி செகண்ட். ஆனால் பக்கத்தில் 2 மீட்டரில் ஒன்று ஒலிக்கும்போது அந்தத் தொலைவு ஒலி 16 டெசிபெல் குறைவாகவே வந்து சேரும், காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்காது. எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு வால்யூமில் இருக்கும்வரை இந்தக் கணக்கு நிற்கும். ஒன்றை மட்டும் கூட்டினால் அது பக்கத்து வட்டத்துக்குள் நுழைந்து இரட்டையாகக் கேட்கத் தொடங்கும். மேடைப் பேச்சுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை நம்பாதீர்கள். புளூடூத் வழியாக வரும் ஒலி 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமாவது வழக்கம். பேசுபவர் தன் குரலையே பிந்திக் கேட்டுத் திணறுவார். மைக்குக்கு வயர் இணைப்புள்ள தனி ஸ்பீக்கர் வேண்டும்.

இனி பேட்டரி. சார்ஜ் 5-இன் பேட்டரி 27 வாட்-மணி, அறிவிக்கப்பட்ட நேரம் 20 மணி. 27-ஐ 20-ஆல் வகுத்தால் 1.35 வாட். ஸ்பீக்கரின் திறனோ 40 வாட். அதாவது அந்த 20 மணி நேரம் என்பது மெல்லிய ஒலியில் அளந்தது. உங்களுக்கு 5 மணி நேரம் போதும் என்பதால் மணிக்கு 5.4 வாட்-மணி வரை செலவழிக்கலாம், அதாவது அந்த அளவைப்போல நான்கு மடங்கு. மின்சாரம் நான்கு மடங்கானால் ஒலி 6 டெசிபெல்தான் கூடும். பரப்பி வைத்த ஆறு ஸ்பீக்கருக்கு அது போதும். ஒரே இடத்திலிருந்து மைதானம் முழுக்க எட்டவைக்கப் போதவே போதாது.

உங்கள் வால்யூம் இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று முன்னதாகவே சோதித்துவிடலாம். முழுதாகச் சார்ஜ் செய்து, ஆறையும் இணைத்து, அன்று போடப்போகும் அதே பாடல்களை அதே வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எந்த ஸ்பீக்கரிலும் 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 20 சதவீதம் குறைந்தால் ஐந்தாவது மணி முடியும்போது சரியாகத் தீர்ந்துபோகும், மிச்சமே இருக்காது. பழைய ஸ்பீக்கர் இரண்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் வியப்பில்லை, பேட்டரிக்கு வயதாகியிருக்கும். அவற்றைத் தலைமையாக வைக்காதீர்கள். தலைமை ஸ்பீக்கர் நின்றால் எல்லாமே நிற்கும். அளவு மிஞ்சினால் வால்யூமைத் தொடும் முன் ஈக்வலைசரில் பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், மின்சாரத்தை அதிகம் தின்பது அதுதான்.

மழையைப் பொறுத்தவரை சார்ஜ் 5-க்கு ஐபி67 தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். மழைக்கு அது தாராளம். பிளாஸ்டிக் பை போட்டு மூட வேண்டாம், ஒலி அமுங்கும். ஆபத்து உள்ள இடம் வேறு: பவர் பேங்க் வயரைச் சொருகியபடியே மழையில் விடுவது. நீர் பட்ட சார்ஜிங் துளையில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் அரித்துவிடும். ஆகவே தூறல் தொடங்கியதும் வயரைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் வைத்த பெரிய பார்ட்டி ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு ஐபிஎக்ஸ்4 தரம்தான் இருக்கும். அது தெறிக்கும் நீருக்கு மட்டுமே, அதுவும் பின்பக்க மூடி அடைத்திருந்தால். மின்வயரில் ஓடும் ஸ்பீக்கர் எதையும் கூரையில்லாத இடத்தில் வைக்கவே கூடாது.

நனைந்த பிறகு ஒலி மங்கிக் கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். வலைத்துணியில் நீர் நிற்கிறது. சாய்த்து உதறினால் தெளியும். கடல்நீரோ குளோரின் கலந்த நீரோ பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். சார்ஜிங் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, முற்றிலும் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.