காலை என்றால் எத்தனை மணி?

கேள்வி: நான் டி.ஃபார்ம் படிக்கிறேன். வடசென்னையில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரண்டு வாரம் பயிற்சி முடித்தேன். அனுபவத்தைப் பற்றிச் சிந்தித்து ஆயிரம் வார்த்தையில் அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். மாத்திரை அட்டையை வெட்டினேன், எண்ணினேன், கவரில் போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் மட்டும் ஒரு அம்மா திரும்பி வந்து, கடலுக்குப் போகும் தன் கணவருக்கு சர்க்கரை மாத்திரை போட்டதும் வேர்த்து நடுங்குகிறது என்றார். மருந்தாளுநர் சார் விசாரித்து டாக்டரிடம் அனுப்பிவிட்டார். அறிக்கையில் நான் எதை எழுதுவது?
– மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: அந்த எட்டாம் நாளைத்தான். மற்ற நாட்களுக்கு ஒரு பத்தி போதும்.

முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். சீட்டில் என்ன இருந்தது? சர்க்கரை மாத்திரை போட்டு நடுக்கம் என்றால் அநேகமாக கிளிமிபிரைடு இருந்திருக்கும். உங்கள் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்: மெட்ஃபார்மின் 500 மி.கி. 1-0-1, கிளிமிபிரைடு 1 மி.கி. 1-0-0. நீங்கள் கவரில் 'காலை' என்று எழுதி, ஜன்னல் வழியாக நீட்டியிருப்பீர்கள். சீட்டுப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவருக்குக் காலை எப்போது? விடியற்காலை மூன்று மணிக்கு வெறும் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகேறுகிறவர், சோற்றில் கை வைக்கப் பத்து பதினொன்று ஆகிவிடும். அந்த அம்மா சொன்ன நேரங்கள் வேறாக இருந்தால் அவற்றையே எழுதுங்கள். அறிக்கையின் உயிர் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம் என்ற அந்த இரண்டில்தான் இருக்கிறது.

அடுத்து, ஏன் நடந்தது என்ற பகுதி. மாணவர்கள் இங்கேதான் பாடப்புத்தகத்தை அப்படியே இறக்கிவைப்பார்கள். அது வேண்டாம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் அதை நாளின் முதல் முக்கியச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு சர்க்கரை இப்படித் தாழ்வது அபூர்வம். ஒரே கவரில் போன இரண்டு மாத்திரையில் ஒன்றுக்கு மட்டும் 'சாப்பாடு எப்போது' என்ற கேள்வி தேவைப்பட்டது என்பதை உங்கள் வார்த்தையில் சொன்னாலே ஆசிரியருக்குப் புரிந்துவிடும், உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று.

வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, அப்புறம் குழப்பம்: சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள் இவை. நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. நடுக்கடலில் அந்தச் சர்க்கரைப் பொட்டலம் கையில் இருந்ததா என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

உங்கள் சார் மாத்திரையைக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ இல்லை, டாக்டரிடம் அனுப்பினார். அதைத் தட்டிக்கழித்ததாக எண்ணிவிடாதீர்கள். நேரத்தை மாற்றினால் போதுமா, மாத்திரையையே மாற்ற வேண்டுமா என்பது எழுதிக் கொடுத்தவர் முடிவு செய்ய வேண்டியது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை அவருக்குச் சொல்லி அனுப்புவது மருந்தாளுநர் வேலை. அன்று சார் என்னென்ன கேட்டார் என்று நினைவிருந்தால் வரிசையாக எழுதுங்கள்.

உங்கள் மனதில் ஓடியதற்கும் இடம் உண்டு. 'நான் கொடுத்த கவரா இது' என்று பயந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில், இரவுக் காவல் வேலை பார்த்த ஒருவருக்கு 'இரவு' என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இரவுச் சாப்பாடே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியாக, இனி என்ன செய்வேன் என்ற பகுதி. 'நோயாளிகளிடம் நன்றாகப் பேசுவேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி. வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது எல்லோரிடமும் பேச முடியாது. ஆகவே சுருக்கிக்கொள்ளுங்கள்: கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போகும் சீட்டுக்கு மட்டும், 'முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு?' என்று ஒரு கேள்வி. பத்து நொடிதான் ஆகும். பதில் விசித்திரமாக இருந்தால் சாரைக் கூப்பிடுவது.

இன்னொன்று: பெயர், ஓ.பி. எண், தெரு எதுவும் அறிக்கையில் வரக்கூடாது. கடல் வேலை என்பது மட்டும் இருக்கட்டும், அது இல்லாமல் கதை நிற்காது. படகு விவரம் வேண்டாம். உங்கள் பக்கத்தில் அது போதும், ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எட்டாம் நாளுக்குப் பிறகு உங்களுக்கு மிச்சம் இருந்த நாட்களில் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்றும் எழுதுங்கள். யாரிடமும் கேட்கவில்லை என்றால், ஏன் என்று எழுதுங்கள்.