மாவுக்கட்டுக்குள்ள வலி கூடிக்கிட்டே போனா

"அம்மா தேக்கா மார்க்கெட்ல வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சு நேத்து மாவுக்கட்டு போட்டாங்க, விரலெல்லாம் வீங்குது, மாத்திரை போட்டும் வலி கூடுது, ஃபாலோ-அப் வரைக்கும் காத்திருக்கலாமா?"

காத்திருக்காதீங்க, இப்பவே ஏ அண்ட் ஈ கூட்டிட்டுப் போங்க. நான் பிளாஸ்டர் ரூம்ல வேலை பாக்குறேன், கட்டு போட்டப்புறம் வலி குறையணும், கூடவே கூடாது. அம்மா விரலை நீங்க மெதுவா நீட்டிவிட்டுப் பாருங்க, முன்கையில சுரீர்னு வலிச்சா உள்ள தசைக்கு அழுத்தம் ஏறுதுன்னு அர்த்தம். நகம் சிவப்பா இருக்கு, நாடி ஓடுதுன்னு நம்பிடாதீங்க, அதெல்லாம் கடைசியிலதான் மாறும், தசை சில மணி நேரத்துலயே செத்துடும்.

அங்க கட்டை நீளவாக்குல பிளப்பாங்க. மாவை மட்டும் வெட்டினா பத்தாது, உள்ள சுத்தியிருக்க பஞ்சையும் தோல் தெரியுற வரைக்கும் வெட்டணும், ரத்தம் ஊறிக் காஞ்ச பஞ்சு துணிக்கயிறு மாதிரி இறுக்கிடும். ஒரு அங்கிளுக்கு மாவை மட்டும் பிளந்து வலி அப்படியே இருந்துச்சு, பஞ்சை வெட்டினதும்தான் மூச்சு விட்டாரு. எலும்பு கொஞ்சம் நகர்ந்தா அப்புறம் சரி பண்ணிக்கலாம். பிளந்தும் வலி குறையலன்னா உடனே ஆபரேஷன் தேவைப்படலாம்.

போற வழியில கையை நெஞ்சு மட்டத்துல வைங்க, ரொம்ப தூக்கினா ரத்த ஓட்டம் இன்னும் குறையும். மோதிரம், வளையல் இருந்தா கழட்டிடுங்க. கட்டுக்குள்ள ஒரே இடத்துல எரியுதுன்னு அம்மா சொன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாவு ஈரமா இருக்கப்ப கட்டு போடுறவங்க உள்ளங்கையில பிடிக்காம விரல் நுனியால அழுத்தினா குழி விழுந்து தோல் புண்ணாகும்.