இரண்டு மாதம் தாண்டிய பில்லுக்குப் பணம் கேட்டு எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, கெடு முடிந்து இரண்டு மாதமாகியும் பில் பணம் தரவில்லை. போன் செய்தால் "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்கிறார்கள். பழக்கமும் கெடக் கூடாது, பணமும் வர வேண்டும். என்னவென்று எழுதி அனுப்புவது?

பதில்: நான் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறவள். இந்த மாதிரி கடிதம் எழுதுவது எங்களுக்கு மாதாந்திர வேலை. எவ்வளவு பணிவாக எழுதுகிறோம் என்பதைவிட, அதைப் படித்த பிறகு அந்தக் கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரருக்குத் திருப்பிக் கேட்க ஒரு கேள்வியும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஒரு கேள்வி கிடைத்தால் போதும், கடிதம் அந்தக் கேள்வியோடு ஒரு ஃபைலில் போய்ப் படுத்துவிடும்.

முதலில் தொகையைச் சரி பண்ணுங்கள். பலர் பில்லில் உள்ள முழுத் தொகையையும் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் ஜாப் ஒர்க் கூலியில் அவர்கள் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். நீங்கள் தனிநபர் உரிமையாளர் என்றால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப் என்றால் 2 சதவீதம். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் கூலிக்கு மட்டும்தான் பிடிப்பு. பீஸ் குறைந்தது, எண்ணெய்க் கறை பட்டது என்று கூலியில் கழிக்க ஏதாவது டெபிட் நோட் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். உதாரணத்துக்கு, கூலி 1,80,000 ரூபாய், அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 9,000, பில் 1,89,000 என்று வைத்துக்கொள்வோம். டி.டி.எஸ். 1,800, நீங்கள் ஒப்புக்கொண்ட ஷார்ட்டேஜ் டெபிட் 4,200. கழித்தால் 1,83,000. கேட்க வேண்டியது இந்தத் தொகையைத்தான். 1,89,000 என்று எழுதினால் "உங்க கணக்கும் எங்க கணக்கும் ஒத்து வரலீங்களே" என்று ஒரு மாதம் ஓடிவிடும்.

அடுத்தது, எழுதுவதற்கு முன் வருமான வரித் தளத்தில், உங்கள் பேரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26AS-ஐத் திறந்து பாருங்கள். உங்கள் பில் ஜூன் மாதத்தது என்றால், அதற்கு அவர்கள் பிடித்த டி.டி.எஸ்., ஜூலை கடைசிக்குள் தாக்கல் செய்யும் காலாண்டுக் கணக்கில் வரும். அதனால் ஆகஸ்டில் பெரும்பாலும் உங்கள் பக்கம் தெரியும். தெரிந்தால், பில்லை அவர்கள் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். "பில்லே வரலீங்க", "மெர்ச்சண்டைசர் இன்னும் அப்ரூவ் பண்ணலீங்க" என்ற பேச்சுக்கு அதோடு இடமில்லை. இதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், ஒரு வரியில் தகவலாகப் போடுங்கள்.

முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக இரண்டு வரி, அக்கவுண்ட்ஸுக்கு மெயிலில் முழுக் கடிதம், கூடவே பில், கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான், லெட்ஜர். சனிக்கிழமை அனுப்பாதீர்கள். அன்று சம்பளப் பட்டுவாடா, யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். செவ்வாய், புதனில் போனால் அந்த வாரப் பேமெண்ட் லிஸ்டில் ஏற வாய்ப்பு உண்டு. தீபாவளி போனஸ் பேச்சு ஆரம்பித்துவிட்டால் எல்லாக் கம்பெனியிலும் கை இறுகிவிடும், அதற்கு முன் கேட்பது நல்லது.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கமுங்க அண்ணா. ஜூன் 3 தேதியிட்ட எங்கள் பில் எண் 214-க்கு, டி.டி.எஸ். 1,800, ஷார்ட்டேஜ் டெபிட் 4,200 போக ரூ. 1,83,000 வர வேண்டியுள்ளது. பேசிய 30 நாள் கெடு ஜூலை 3-ல் முடிந்து இன்றோடு இரண்டு மாதம் ஆகிறது. இந்தப் பில்லுக்கான டி.டி.எஸ். எங்கள் 26AS-ல் வந்துவிட்டது, நன்றி. கணக்கில் வித்தியாசம் இருந்தால் செப்டம்பர் 8-க்குள் தெரிவியுங்கள். இல்லையென்றால் செப்டம்பர் 12-க்குள் தொகையை அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். கையில் உள்ள லாட்டைப் பேசிய தேதியில் முடித்துக் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பாக்கி வந்த பிறகுதான் அடுத்த லாட் எடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறோம்."

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். பழைய பாக்கிக்காகக் கையில் இருக்கும் பீஸை நிறுத்தி வைக்கத் தோன்றும், பலர் செய்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, எந்தச் சரக்கில் வேலை செய்தீர்களோ அந்த வேலைக்கான கூலி வரும்வரைதான் அந்தச் சரக்கைப் பிடித்து வைக்கலாம், அதுவும் கடன் கெடு எதுவும் பேசாமல் இருந்தால். போன பில்லுக்காக இந்த லாட்டை நிறுத்தினால் அது செல்லாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஷிப்மெண்ட் தவறி அவர்கள் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவை உங்கள் பேரில் டெபிட் எழுதுவார்கள். 1,83,000 கேட்கப் போனவர் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிடுவார். புது லாட் எடுக்க மறுப்பது முழுக்க உங்கள் உரிமை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

12-ம் தேதியும் தாண்டினால் இரண்டாவது கடிதம். இதில்தான் சட்டம் வர வேண்டும், முதல் கடிதத்தில் வேண்டாம். வேலை செய்து கொடுக்கும் முன்பே உங்களுக்குச் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்திருந்தால், அந்த எண்ணைப் போட்டு, 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி என்ன கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டியாகச் சேரும் என்று எழுதலாம். வட்டியை இப்போதே கேட்காமல், "அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மட்டும் எழுதுவது என் வழக்கம்.

ஆடிட்டர்கள் 43B(h) என்று சொல்லும் வருமான வரி விதியை எல்லோரும் பெரிய ஆயுதமாக நினைக்கிறார்கள். 45 நாள் தாண்டிய பாக்கியை எந்த நிதியாண்டில் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பது அந்த விதி. ஆனால் ஜூன் பில்லை அவர்கள் மார்ச் 31-க்குள் எப்போது கொடுத்தாலும் அந்த வருடச் செலவிலேயே வந்துவிடும். அதனால் செப்டம்பரில் அதற்குப் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். பிப்ரவரியில் சொன்னால் உடனே வேலை செய்யும். இப்போது உதவுவது ஜி.எஸ்.டி.யின் 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.க்காகத் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட 9,000 ரூபாய் இன்புட் கிரெடிட்டை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். ஜூன் 3 பில்லுக்கு அது நவம்பர் 30. தொகை சின்னதுதான், ஆனால் இந்தத் தேதியைச் சொன்னால் அக்கவுண்ட்ஸ்காரரே முதலாளியிடம் போய் நிற்பார்.

அதற்கும் மசியாவிட்டால், சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அதைக் கொடுத்த பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து வேலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"பையர் பணம் வரலீங்க, பாத்துப் போட்டு விடறனுங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தால் அழிக்காமல் வையுங்கள், பாக்கி உண்டு என்பதற்கு எழுத்தில் அதுவே சாட்சி. "சரிங்கண்ணா, எந்தத் தேதிங்க?" என்று மட்டும் கேளுங்கள். பாதித் தொகை வந்தால் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே "பில் 214 கணக்கில் வரவு வைத்தோம், மீதி இவ்வளவு" என்று பதில் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு அதை வேறு பில்லுக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.