வேண்டாம் என்று சொன்ன ஆறாவது கார்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், ஓரகத்தி, அவர்கள் குழந்தைகள், நாங்கள். அத்தை என்னைத் திட்டியதே இல்லை. திட்டினால்கூடத் தேவலை. நான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்தால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து ஒவ்வொன்றாக எடுத்து வேறு மாதிரி அடுக்குவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஓரகத்தி அடுக்கியதைத் தொடமாட்டார். நான் மடித்த துணியையும் பிரித்து மறுபடி மடிப்பார். அதே பீரோ, அதே துணி, நான் மடித்தால் மட்டும் என்ன குறை?

ஆரம்பத்தில் என் கணவரிடம் சொன்னேன். “அம்மா அப்படித்தான், நீ கண்டுக்காதே” என்றார். ஒருமுறை நான் அழுததும் நேராகப் போய் அத்தையிடமே கேட்டுவிட்டார். அதிலிருந்து அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டார், பாத்திரம் அடுக்குவதை மட்டும் குறைக்கவில்லை. இப்போதெல்லாம் ராத்திரி என் அம்மாவுக்குப் போன் செய்து அழுதுவிட்டுத்தான் தூங்குகிறேன்.

என் தோழிக்கு டாரட் கார்டு விரித்துக் குறி பார்க்கத் தெரியும். புது மருமகளுக்கென்று ஐந்து கார்டு விரித்துப் பார்த்தாள். நான், அத்தை, எங்களுக்கு நடுவில் இருப்பது, இந்த வீடு, நான் செய்ய வேண்டியது. அத்தைக்குப் பேரரசி வந்தது. வீட்டுக்கு இடி விழுந்து இடிகிற கோபுரம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆறாவதாக என் கணவருக்கும் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டவே வேண்டாம் என்று கார்டுகளை மூடச் சொல்லிவிட்டேன். அது இருக்கட்டும். அத்தை ஏன் என்னிடம் மட்டும் இப்படி? கோபுரம் என்றால் தனிக்குடித்தனம் என்று அர்த்தமா? நான் எவ்வளவுதான் பொறுத்துப் போவது?

— ஒரு மகள்


அன்பு மகளுக்கு,

அது இருக்கட்டும் என்று நீ தள்ளி வைத்ததைத்தான் நான் முதலில் எடுக்கப் போகிறேன். அவருக்கு ஒரு கார்டு எடுக்க ஏன் விடவில்லை? அத்தையின் கார்டைப் பார்க்கத் துணிவு இருந்தது, வீட்டின் கார்டையும் பார்த்தாய். இவருக்கு என்ன வந்துவிடும் என்று பயந்தாய்?

டாரட்டில் மொத்தம் 78 கார்டுகள். எந்த இடத்துக்கு எந்தக் கேள்வி என்பதை விரிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். ஒரே கார்டு ‘நான்’ என்ற இடத்தில் விழுந்தால் ஒரு பேச்சு, ‘வீடு’ என்ற இடத்தில் விழுந்தால் வேறு பேச்சு. கலைத்த கட்டிலிருந்து கோபுரம் வந்ததும் பேரரசி வந்ததும் தற்செயல். அதில் உன் வீட்டின் எதிர்காலம் எழுதியிருப்பதாக நான் நம்பவில்லை, தனிக்குடித்தனத்தை ஒரு படத்தை வைத்து முடிவு செய்யவும் சொல்லமாட்டேன். ஆனால் ஆறாவது வேண்டாம் என்றது தற்செயல் இல்லை. அந்த ஒன்றை நீயே முடிவு செய்தாய்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன், தவறானால் திருத்து. “இவர் என் பக்கம் இல்லையோ” என்ற பயம் உனக்கு இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்துப் பதில் தெரிந்துவிட்டால் தாங்க முடியாது. பாத்திரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், அது பாதுகாப்பான அழுகை. அதனால் அத்தனை பாரமும் அத்தையின் தலையில் ஏறிவிட்டது.

மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குடும்பங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால், அதைத் தாங்க முடியாமல் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். அவர் அதை முக்கோணம் என்றார். கொஞ்ச நேரம் பாரம் குறையும், ஆனால் அந்த இரண்டு பேருக்குள் இருந்தது அப்படியே இருக்கும். அத்தைக்கும் உனக்கும் நடுவில் உன் கணவரை இழுத்தாய். அவர் போய்க் கேட்டார், அத்தைக்கு அவமானமாகிவிட்டது. இப்போது அவருக்கும் உனக்கும் நடுவில் உன் அம்மா இருக்கிறார். ராத்திரி அந்த அறையில் அவரிடம் சேர வேண்டிய பேச்சு போன் வழியாக வெளியே போய்விடுகிறது. நீ அழுது இறக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாய். உன் அம்மாவுக்குத் தூக்கம் வராது, மருமகன் மீது கசப்பு மட்டும் சேரும். இந்த இடத்தில் நான் உன் பக்கம் நிற்க முடியாது, கண்ணு. அவர் அம்மாவிடம் போய்ச் சொன்னதில் உனக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் உன் வீட்டுப் பேச்சை நீ தினமும் உன் அம்மாவிடம் கொண்டுபோகிறாய். இரண்டும் ஒரே காரியம்தான்.

அவர் செய்ததையும் சரி என்று சொல்லவில்லை. “கண்டுக்காதே” என்பது பதில் இல்லை, அந்தப் பேச்சிலிருந்து எழுந்து போகிற வழி. ஆனால் நீ அவரிடம் என்ன கேட்டாய் என்று யோசி. “உங்க அம்மா இப்படிச் செய்றாங்க” என்றால், அது அவர் காதில் “போய் உங்க அம்மாவைத் திருத்துங்க” என்றுதான் விழும். ஒன்று, ஓடிப்போய்த் திருத்தப் பார்ப்பார். இல்லையென்றால் நழுவுவார். அவர் இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்.

அதனால் அத்தையை விட்டுவிட்டு ஆரம்பி. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் வேண்டாம். இருவரும் வெளியே நடந்து போகும்போது பேசு. “இந்த வீட்டுல நான் தனியா இருக்கிற மாதிரி இருக்கு. நீங்க யார்கிட்டயும் எதுவும் கேட்க வேண்டாம், என்னைக் கேட்டா போதும். அன்னைக்கு நீங்க அத்தைகிட்ட போய்ச் சொன்னதுல இருந்து உங்ககிட்ட பேசப் பயமா இருக்கு.” இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்து. பாத்திரக் கதைக்குள் நுழைந்துவிடாதே, நுழைந்தால் மறுபடி அம்மாவா மனைவியா என்ற வழக்காகிவிடும். அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். அதை உன் மீது அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. அப்புறம் ஒரு நாள் அவராக “இன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், பேச்சு உள்ளே இறங்கியிருக்கிறது. மறுபடி போய் அத்தையிடம் ஒப்பித்தால், “நான் கேட்டது இது இல்லை” என்று அவரிடமே சொல். அதையும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு விட்டுவிடாதே.

அத்தை ஏன் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இத்தனை வருடம் அந்த அலமாரியில் எது எங்கே என்று அவர் கைக்குத் தெரியும். ஓரகத்தி அந்த வரிசையை முன்பே கற்றிருக்கலாம். உன்மீது வெறுப்பு என்பது உன் ஊகம். ஒரு நாள் பக்கத்தில் நின்று “எது எங்கே வைக்கட்டும் அத்தை?” என்று கேட்டுப் பார். அதை உன் கணவர் மூலம் கேட்காதே, நீயே கேள்.

இந்த வீட்டில் அடி, மிரட்டல், பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் தடுப்பது, உன் சம்பளத்தைப் பிடுங்குவது என்று ஏதாவது இருந்து நீ எழுதாமல் விட்டிருந்தால், நான் மேலே சொன்ன எதுவும் உனக்குப் பொருந்தாது. அப்போது பொறுத்துப் போகவே கூடாது, உடனே உன் அம்மாவிடம் சொல், அது கட்டாயம். அப்படி எதுவும் இல்லையென்றால், அவரிடம் பேசிவிட்டு எனக்கு எழுது. அத்தையைப் பற்றியும் தனிக்குடித்தனத்தைப் பற்றியும் அப்புறம் பேசுவோம்.