கிடைக்காத வேலைக்கு ஒரு நன்றி

அன்புள்ள அக்கா,
ஒரு கன்சல்டன்சியில் இருக்கும் பெண் எனக்காக ஒரு மாதம் பாடுபட்டார். ரெஸ்யூமைத் திருத்தித் தந்தார், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இன்டர்வியூவைத் தள்ளிவைக்க வைத்தார். கடைசிச் சுற்றில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அவருக்கு நன்றி எழுத ஆசை, ஆனால் அடுத்த வேலைக்குத் துண்டு போடுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ?
சதீஷ், கோவை

அன்புள்ள சதீஷ்,

எழுதுங்கள், இன்றைக்கே. நானும் ஆறு வருடம் அதே வேலையில் இருந்தவள்தான். கன்சல்டன்சிக்குக் கம்பெனி பணம் தருவது பெரும்பாலும் ஆள் வேலையில் சேர்ந்த பிறகு. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பழகிப்போன கணக்கு. எடுக்கப்பட்டவர் வேறு கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் அந்தப் பெண் உங்களுக்காகப் பேசிய அத்தனை போனுக்கும் வருமானம் பூஜ்யம். மாதக் கடைசியில் மேலாளர் கேட்பதும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை மட்டும்தான், யாருக்காக எவ்வளவு மெனக்கெட்டார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அதனால் வாட்ஸப்பில் அனுப்பாமல் மெயிலாக எழுதுங்கள், அவர் விரும்பினால் மேலாளருக்கு அப்படியே அனுப்பிக் காட்டலாம். "உங்கள் உதவிக்கு நன்றி" என்று மட்டும் எழுதினால் அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமே. அவர் செய்ததைச் சொல்லுங்கள்:

"வணக்கம் மேடம். வேலை வேறொருவருக்குப் போனதில் வருத்தம்தான். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று நீங்கள் பேசி இன்டர்வியூ தேதியை மாற்றியதால்தான் நான் நிம்மதியாக அவருடன் இருக்க முடிந்தது. நீங்கள் திருத்திய ரெஸ்யூமையே இனிமேலும் பயன்படுத்தப்போகிறேன். மிக்க நன்றி."

இவ்வளவு போதும். இதே மெயிலில் "வேறு ஓப்பனிங் இருக்கிறதா", "என்னை ஏன் எடுக்கவில்லை" என்று சேர்த்தால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும். அதையெல்லாம் ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கேளுங்கள், தப்பே இல்லை, அது அவர் தொழில். அப்புறம், அவரைத் தாண்டி அந்தக் கம்பெனி எச்.ஆருக்கு நேராக எழுதிவிடாதீர்கள். பின்னால் அங்கேயே உங்களை எடுத்தால், இவர் மூலம் வந்தீர்களா நேரில் வந்தீர்களா என்று தகராறு வரும், அவருடைய கமிஷன் போய்விடலாம்.

எனக்கும் ஒருமுறை, வேலை கிடைக்காத ஒரு தம்பியிடமிருந்து அப்படி ஒரு மெயில் வந்தது. அந்த வேலைக்குத் தேர்வானவர் 90 நாள் நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போதே இன்னொரு ஆஃபர் வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனை அணைத்துவிட்டார், எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். அன்று முதலில் கூப்பிட்டது மெயில் எழுதிய அந்தத் தம்பியைத்தான், வேலை கிடைக்காதவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு நம் போனையே எடுக்க மாட்டார்கள், இவர் எடுப்பார் என்று தெரியும். எடுத்தார். அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம், அந்த நாளில் எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?