அட்டைப்பெட்டியின் பின்பக்கம்: சிரங்கு, பேன், அரிப்பு – கேள்வி பதில்

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. நான், வீட்டுக்காரர், 8 வயதுப் பையன், 40 நாள் கைக்குழந்தை. ராத்திரி ஆனால் விரல் இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் ஒரே அரிப்பு. சேலத்தில் பெர்மெத்ரின் லோஷன் வாங்கி, 10 நிமிடம் தடவிக் கழுவினோம். 3 வாரமாகியும் குறையவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 1% என்று இருக்கிறது. அது பேனுக்கான லோஷன். சிரங்குக்கு அதே பெர்மெத்ரின் 5% வேண்டும். அதுவும் லோஷனாகக் கிடைப்பதால், லோஷனா க்ரீமா என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பேன் மருந்துக்கு 10 நிமிடம் போதும். சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி இருப்பதால், மருந்து 8 முதல் 14 மணி நேரம் மேலே இருந்தாக வேண்டும்.

ஆனால் இன்றைக்கே வாங்கித் தடவி விடாதீர்கள். குறிப்புத் தாளில் வயது வரம்பைப் பாருங்கள்: 2 மாதத்துக்கு மேல். உங்கள் குழந்தைக்கு 40 நாள்தான். முதலில் அதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவ்வளவு சிறிய குழந்தைக்கு வேறு மருந்து கொடுக்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு மருந்து தொடங்கும் அதே ராத்திரி நீங்கள் மூவரும் தடவுங்கள். ஒருவர் விட்டுப்போனாலும் திரும்பத் தொற்றும். வீட்டில் அரிப்பே இல்லாதவர் இருந்தால் அவரும் தடவ வேண்டும், ஏனென்றால் முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று, பையனுக்கு அதில் பாதி. அப்படியானால் ஒரு ராத்திரிக்கு 75 கிராம், அதாவது இரண்டரை ட்யூப். 7 நாள் கழித்து இன்னொரு முறை தடவ வேண்டும் என்பதால் மொத்தம் 5. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தின் அடியில், தொப்புளில், அக்குளில், பிறப்புறுப்பைச் சுற்றி, ஒரு இடம் விடாமல் பூசுங்கள். கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி தடவுங்கள். பால் கொடுக்கும் முன் மார்புக்காம்பை நன்றாகக் கழுவிவிட்டு, கொடுத்து முடித்ததும் திரும்பப் பூசுங்கள்.

அப்புறம் கம்பளி. துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். பொதுவாக 3 நாள் போதும் என்பார்கள். குளிரிலும் ஈரத்திலும் பூச்சி கூடுதல் நாள் தாங்கும், அதனால் மலையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள்.

5% க்ரீம் இரண்டு முறை தடவி முடித்து 10 நாள் ஆகிறது. இன்னும் அரிக்கிறது. மூன்றாவது முறை போடலாமா? கலாமைன் போதுமா? (கொண்டலாம்பட்டி)

வேண்டாம், பொறுங்கள். பூச்சி செத்தாலும் அதன் மிச்சம் தோலுக்குள் இருப்பதால், 2 முதல் 4 வாரம் வரை அரிப்பு இருக்கும். புதிதாகப் பொரியோ, மெல்லிய கோடு போன்ற வளையோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், 4 வாரம் தாண்டியும் அரித்தால் அப்போதும்தான். இடையில் கலாமைன் தடவலாம். அது எரிச்சலைத் தணிக்கும், பூச்சியைக் கொல்லாது. பலர் இதை மட்டும் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பதைக் கடையில் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது.

கலாமைன் பாட்டிலிலும் பின்பக்கம் படியுங்கள். சிலவற்றில் டைபென்ஹைட்ரமினும் கற்பூரமும் சேர்ந்திருக்கும். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், உள்ளே பூச்சி பரவும், பார்ப்பவருக்குச் சிரங்கு என்றே தெரியாமல் போகும்.

ஒன்றரை வயதுப் பெண்ணுக்குத் தலையில் பேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்க்கலாமா? (சேலம்)

கூடவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். தலையை ஈரமாக்கி, கண்டிஷனர் போடாமல், பெர்மெத்ரின் 1% தடவி, 10 நிமிடத்தில் அலசிவிடுங்கள். கண்ணில் படாமல் ஈரத்துணியை மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈருக்குள் மருந்து முழுதாக இறங்காது. பொரித்து வரும் குஞ்சு முட்டை இடும் முன் கொல்ல, 9 நாள் கழித்து இன்னொரு முறை தடவ வேண்டும். நடுவில் பேன் சீப்பால் வாருங்கள்.

வீட்டில் பழைய பாட்டில், காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு 1% என்று இருக்கிறது. பையனுக்குப் போடலாமா? (ஏற்காடு)

போடாதீர்கள். நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் மருந்து அது, குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டி, கிணறு பக்கம் கொட்டாமல் மருந்துக் கடையில் கொடுத்துக் கேளுங்கள்.