கேம் ஓடும்போது மூலையில் ஓடும் எண்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேம் ஓடும்போது திரையில் எண்களைக் காட்டுற ஆஃப்டர்பர்னர் மென்பொருள் போட்டேன். கீழே இருக்கிற மாதிரி வருது. கிராஃபிக்ஸ் கார்டு 58% தான் வேலை செய்யுது. செகண்ட் ஹேண்டில் வாங்கினது, ஏமாத்திட்டாங்களா?

```
GPU   71 °C   58 %   1890 MHz
CPU   83 °C   31 %   4150 MHz
FPS   88      11.4 ms
```

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. 71 டிகிரியில் 1890 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிற கார்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 58% என்றால் ஏறக்குறைய பாதி நேரம் வேலை வராமல் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். வேலையைக் கொடுக்க வேண்டியவர் ப்ராசஸர். எதிரி எங்கே நகர்கிறான், குண்டு எதில் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குப் போட்டு அது கொடுத்த பிறகுதான் கார்டு வரையும். கணக்கு தாமதமானால் கார்டு காத்திருக்கும்.

ஆனால் அந்த முடிவுக்குப் போகும் முன் ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசின்க்கோ, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்கிற எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்போ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எண் 60, 120, 144 மாதிரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கார்டும் நிம்மதியாகக் குறைவாகவே உழைக்கும். உங்களுடையது 88-லேயே நிற்கிறதா, 80-க்கும் 100-க்கும் நடுவில் ஆடுகிறதா? ஆடினால் வரம்பு இல்லை, ப்ராசஸர்தான் இழுக்கிறது. கார்டு 97, 98% காட்டினால் முழு வேகத்தில் வரைகிறது என்று பொருள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காசு கொடுத்து வாங்கியதே அதற்குத்தான்.

கேள்வி: இதுல ஒரு சந்தேகம் சார். அவருக்கு சிபியூ 31% தானே காட்டுது? இன்னும் 69% மிச்சம் இருக்கும்போது ப்ராசஸர் எப்படி இழுக்கும்? நான் நினைக்கிறது ராம் பிரச்சினை.

ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதுவும் ப்ராசஸரைத் தாமதப்படுத்தும், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ப்ராசஸர் ஒரே நேரத்தில் பல வேலை வரிசைகளை ஓட்டும், ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். அந்த 31 எல்லா த்ரெட்டும் சேர்ந்த சராசரி. 6 கோர், 12 த்ரெட் ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுசாக நிரம்பினாலும் மொத்தத்தில் சுமார் 8%தான் ஏறும். பல கேம்களில் முக்கியமான கணக்கு முழுவதும் ஒரே ஒரு த்ரெட்டில் உட்கார்ந்திருக்கும். அது மூச்சு முட்டினால் மற்ற பதினொன்றும் காலியாக இருந்தும் பயனில்லை.

சரி, தனித்தனி கோர்களைக் காட்டச் சொல்லலாமே என்றால், விண்டோஸ் அந்த வேலையைக் கோர் மாற்றி மாற்றி ஓட்டும். அதனால் எதுவும் 100% தொடாமலே போகலாம். நான் நம்புவது வேறு சோதனை. கேமில் ரெசல்யூஷனை மட்டும் 1080-லிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் நின்று பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே இருந்தால் ப்ராசஸர் பக்கம் தடை, தாவி ஏறினால் கார்டு பக்கம்.

கேள்வி: எனக்கு எஃப்பிஎஸ் 60-க்குக் கீழே போனதே இல்லை ப்ரோ. ஆனா திரும்பும்போது டக்குனு வெட்டுது. எண் பொய் சொல்லுதா?

பொய் இல்லை, அது சராசரி. ஒரு நொடியில் ஒரே ஒரு ஃபிரேம் 150 மில்லிசெகண்ட் எடுத்தது, மீதி 850-ல் ஒவ்வொன்றும் 14 சொச்சம் எடுத்து 60 ஃபிரேம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்பிஎஸ் 61 என்று காட்டும். உங்கள் கண்ணுக்கோ அந்த 150 மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரமான ஃபிரேம்டைமை எண்ணாகப் பார்க்காமல் கோடாகப் பாருங்கள் என்கிறேன். ஆஃப்டர்பர்னரின் மானிட்டரிங் பக்கத்தில் Frametime-ஐத் தேர்ந்தெடுத்து, திரையில் காட்டும் வகையை text-லிருந்து graph-க்கு மாற்றுங்கள். 60 எஃப்பிஎஸ்ஸுக்குக் கோடு 16.7 பக்கம் தட்டையாக ஓட வேண்டும். வெப்பம், உபயோகம் எல்லாம் வழக்கமாக நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், ஃபிரேம்டைம் மட்டும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதிவாகும். கண் இமைக்கும் நேரத்து வெட்டை அது ஒன்றுதான் பிடிக்கும்.

கோட்டில் ஊசி மாதிரி எழும்பும் இடத்தை எப்படிப் படிப்பது? அதே தெருவுக்கு இரண்டாவது முறை போங்கள். முதல் தடவை வெட்டி, அடுத்த தடவை வெட்டாவிட்டால் பெரும்பாலும் ஷேடர் கம்பைல் ஆகிறது, அதாவது வரைவதற்கான சிறு நிரல்களைக் கணினி முதல்முறை தயார் செய்கிறது. டிரைவர் மாற்றிய பிறகு மறுபடி தலைகாட்டும், நீங்கள் செய்ய அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டி, வீடியோ மெமரி எண்ணும் கார்டின் கொள்ளளவை முட்டிக்கொண்டிருந்தால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள். மற்ற செட்டிங்கைத் தொட வேண்டாம்.

கேள்வி: லேப்டாப்ல சிபியூ 76 டிகிரிதான், கூலிங் நல்லா இருக்கு. ஆனா முதல் நிமிஷம் 95 எஃப்பிஎஸ், அப்புறம் 62. கேம் அப்டேட் கெடுத்துடுச்சு போல.

அப்டேட்டைத் திட்டும் முன் கிளாக்கையும் வாட்டையும் வெப்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் அனுப்பியது:

```
start   94 °C   4200 MHz   65 W
later   76 °C   2700 MHz   35 W
```

76 டிகிரி வந்தது கூலிங்கால் அல்ல. லேப்டாப்பே ப்ராசஸருக்குக் கொடுக்கும் மின்சாரத்தை 65 வாட்டிலிருந்து 35-க்கு வெட்டிவிட்டது, கிளாக் விழுந்தது, அதனால் சூடும் குறைந்தது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சுகம் மாதிரித் தெரியும். கிளாக் எண்ணைத் தனியாகப் பார்ப்பதிலும் இதே ஆபத்து உண்டு: மெனுவில் நிற்கும்போது கார்டு சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது மின்சிக்கனம், சூடேறும்போது 1905-லிருந்து 1860-க்கு வருவதும் இயல்பு. கேம் நடுவில், கார்டு முழுசாக உழைக்கும்போது நூற்றுக்கணக்கில் விழுந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

இவருக்குச் சொன்னது: கூடவே வந்த சார்ஜர்தானா பாருங்கள், பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள், பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். அப்புறம் எஃப்பிஎஸ்ஸை 60-ல் பூட்டுங்கள். ஒரு நிமிட 95-ஐவிட நிலையான 60 எவ்வளவோ மேல்.

கேள்வி: எனக்கு ஃபிரேம்டைம் எல்லாம் வேண்டாம் அண்ணா. ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, ஹாட்ஸ்பாட் 98. வீட்ல ஏசி கிடையாது, கத்திரி வெயில். எரிஞ்சிடுமா?

எரியாது தங்கச்சி. ஹாட்ஸ்பாட் என்பது சிப்பிலேயே அதிகம் சூடான புள்ளி. அந்த வரிசைக் கார்டுகளுக்கு அதன் எல்லை 110, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை 8 டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். பார்க்க வேண்டியது சாதா ஜிபியூ வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளி. 15, 20 சகஜம். 30 தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் சரியாக உட்காராமலும் இருக்கலாம். இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: கோடு தட்டையா இருக்கு, ஆனா சரியா நொடிக்கு ஒரு சின்ன ஊசி. திரையில் எண் காட்டுற ஓவர்லேயை மூடினா கேம் ஸ்மூத்தா இருக்கிற மாதிரி தோணுது. மனப்பிரமையா?

பிரமையாக இருக்க வேண்டியதில்லை. சென்சாரைப் படிப்பதே சில கணினிகளில் கேமைத் தடுக்கும், குறிப்பாகக் கார்டின் பவர் அளவு. அந்த ஒன்றை மட்டும் டிக் எடுத்துவிட்டு, சென்சாரை எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படிப்பது என்று சொல்லும் polling period-ஐ 1000-லிருந்து 3000 ஆக்குங்கள். ஊசி மூன்று நொடிக்கு ஒன்றாக மாறினால் திருடன் ஓவர்லேதான்.

அதே நபர்: மாத்தினேன். பெரிய ஊசி மூணு நொடிக்கு ஒண்ணாச்சு. ஆனா நடுவுல இன்னும் குட்டியா ஒண்ணு வருது.

அப்படியானால் இரண்டு பேர் இருக்கிறார்கள். லைட் கட்டுப்படுத்தும் மென்பொருள், ஃபேன் மென்பொருள் ஏதாவது பின்னணியில் ஓடுகிறதா? அவையும் இதே சென்சார்களைத் தட்டும். ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.